மனநல மாத்திரையும் வலிப்பு மாத்திரையும் தாம்பத்தியத்தைப் பாதிக்கும்போது: எது காரணம் என்று படிப்படியாகக் கண்டுபிடிப்பது எப்படி

மனநல மருந்துகளும் வலிப்பு மருந்துகளும் கொடுக்கும் மருந்தகக் கவுண்டரில் பல வருடங்களாக நிற்கிறேன். ஒரு தம்பி வருவார், பின்னால் நிற்பவர்களை எல்லாம் "நீங்க வாங்கிக்குங்க" என்று முன்னே விட்டுவிடுவார், கூட்டம் கலைந்த பிறகு இரண்டு மாத்திரை அட்டைகளை மேசையில் வைப்பார். பெயர் தெரியாதபடி கவிழ்த்துத்தான் வைப்பார். அப்புறம் மெதுவான குரலில், "சார், இதுல எதுனால?" என்பார். எதனால் என்ன என்று அவர் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை, இரண்டு பேருக்கும் தெரியும்.

இதே கேள்வியோடு பெண்களும் வருகிறார்கள். மாதவிடாய் ஏழெட்டு மாதமாக வரவில்லை, கர்ப்பமும் இல்லை, உள்ளாடையில் மார்புப் பக்கம் ஈரம் படுகிறது, அழுத்தினால் பால் மாதிரி வருகிறது என்று பயந்துபோய்ச் சொல்வார்கள். பயத்தில் பாதிப் பேர் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிட்டு, நோய் திரும்பி வந்து, ஆஸ்பத்திரியில் படுத்த பிறகுதான் காரணத்தையே வெளியில் சொல்கிறார்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் அடுத்தடுத்து நிற்காமல் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். அதனால் நிறுத்துவதற்கு முன்னால் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். நான் பார்த்த பலருடைய கதைகளைச் சேர்த்து ஒரே ஆளாக்கி, அந்தத் தம்பியை வைத்தே சொல்கிறேன்: வயது 32, மனச்சிதைவு நோய்க்கு ரிஸ்பெரிடோன் 4 மில்லிகிராம், சின்ன வயதிலிருந்து இருக்கும் வலிப்புக்குக் கார்பமாசெபைன் 800 மில்லிகிராம். இரண்டும் வேலை செய்கின்றன. குரல்கள் கேட்பது நின்றிருக்கிறது, கடைசியாக வலிப்பு வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஆனால் மனைவி பக்கத்தில் வந்தாலும் ஆசை எழுவதில்லை, எழுந்தாலும் விறைப்பு நிற்பதில்லை.

முதலில் உடம்புக்குள் நடப்பது

இரண்டு மருந்தும் இரண்டு வேறு வழியில் அடிக்கின்றன. இது புரிந்தால் மீதி எல்லாம் சுலபம்.

மூளையின் அடியில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பிதான் புரோலாக்டினைச் சுரக்கிறது, தாய்ப்பால் ஊறச் செய்யும் ஹார்மோன் அது. மற்ற நேரங்களில் அது அதிகம் சுரக்காமல் டோபமின் என்ற வேதிப்பொருள் அதன்மேல் கை வைத்து அழுத்தியபடி இருக்கும். ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகள் டோபமினின் வேலையைத் தடுப்பதால்தான் மனநோய் அடங்குகிறது. ஆனால் அதே தடுப்பு பிட்யூட்டரியிலும் நடக்கும்போது அழுத்திய கை விலகிவிடுகிறது, புரோலாக்டின் ஏறுகிறது. ஏறிய புரோலாக்டின், விதைப்பைக்கும் சினைப்பைக்கும் "வேலை செய்" என்று மூளை அனுப்பும் கட்டளையைக் குறைத்துவிடும். ஆணுக்கு டெஸ்டோஸ்டிரோன் இறங்கும், பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் இறங்கி மாதவிடாய் தள்ளிப்போகும் அல்லது நின்றுவிடும்.

எல்லா மனநல மருந்தும் இதில் ஒரே மாதிரி இல்லை. பிட்யூட்டரி, மூளைக்கு இருக்கும் ரத்தத் தடுப்புச் சுவருக்கு வெளியே இருக்கிறது. அந்தச் சுவரைக் கடக்கச் சிரமப்படும் மருந்துகளுக்கும் பிட்யூட்டரிக்குப் போவதில் தடையே இல்லை. அதனால்தான் ரிஸ்பெரிடோன், பாலிபெரிடோன், அமிசல்பிரைடு மூன்றும் புரோலாக்டினை மிக அதிகமாக ஏற்றுகின்றன. ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகளும் ஏற்றும். ஓலான்சபின் கொஞ்சம், குயிட்டியாபினும் குளோசபினும் பெரும்பாலும் இல்லவே இல்லை. அரிபிப்ரசோல் தனி ரகம், அது டோபமினை முழுசாகத் தடுக்காமல் கொஞ்சம் வேலையும் செய்ய விடுவதால் புரோலாக்டினை இறக்கவே செய்கிறது.

கார்பமாசெபைன் போகும் வழி கல்லீரல். அங்கே மருந்துகளையும் ஹார்மோன்களையும் சிதைக்கும் நொதிகளை அது வேகப்படுத்திவிடும், கூடவே பாலின ஹார்மோனைக் கட்டிவைக்கும் ஒரு புரதத்தையும் அதிகமாக உற்பத்தி செய்ய வைக்கும். ஆய்வகச் சீட்டில் இந்தப் புரதம் எஸ்.எச்.பி.ஜி. என்று வரும். ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் மொத்தமாகப் பார்த்தால் போதுமான அளவு இருக்கும், ஆனால் அதில் பெரும்பகுதி இந்தப் புரதத்தோடு கட்டுண்டு கிடக்கும், உடம்புக்கு எடுத்து உபயோகிக்க முடியாது. ஃபினிடோயின், ஃபீனோபார்பிட்டோன் இரண்டும் இதே வேலையைத்தான் செய்கின்றன. லாமோட்ரிஜினும் லெவெடிராசெட்டமும் செய்வதில்லை.

படி 1: தேதிகளை எழுதுங்கள்

ஒரு தாளில் மாத்திரை ஆரம்பித்த மாதம், அளவு கூட்டிய மாதம், கோளாறு தெரிய ஆரம்பித்த மாதம் மூன்றையும் எழுதுங்கள். நோய் வருவதற்கு முன்னால் எப்படி இருந்தது என்பதையும் எழுத வேண்டும், ஏனென்றால் மனச்சிதைவும் மனச்சோர்வும் தாமாகவே ஆசையைக் குறைக்கும், மூளையின் பக்கவாட்டுப் பகுதியில் தொடங்கும் வலிப்பும் அப்படித்தான். தம்பிக்குப் பல வருடம் கார்பமாசெபைன் இருந்தும் பெரிய குறை இல்லை. ரிஸ்பெரிடோனை 2 மில்லிகிராமிலிருந்து 4 ஆக்கிய இரண்டாவது மாதம் எல்லாம் சரிந்தது. இந்த ஒரு வரி மருத்துவருக்குப் பாதி விடை.

"செக்ஸ் பிரச்சனை" என்று மொத்தமாக எழுதாமல் எந்த இடத்தில் தடை என்று பிரித்து எழுதுங்கள். ஆசையே இல்லையா, ஆசை இருந்தும் விறைப்போ ஈரமோ இல்லையா, எல்லாம் சரியாகி உச்சம் மட்டும் வரவில்லையா? காலையில் எழும்போது விறைப்பு இருக்கிறதா? உச்சம் வருகிறது, ஆனால் விந்து வெளியே வரவில்லை, பிறகு போகும் சிறுநீர் கலங்கலாக இருக்கிறது என்றால் விந்து பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போயிருக்கிறது. ரிஸ்பெரிடோன் ரத்தக்குழாய், சிறுநீர்ப்பைக் கழுத்துத் தசைகளைத் தளர்த்துவதால் வருவது அது, புரோலாக்டினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, உடம்புக்கு அதனால் கெடுதலும் இல்லை. குழந்தைக்கு முயற்சி செய்கிறவர்களுக்குத்தான் அது தடை.

படி 2: வேறு மாத்திரை ஏதாவது ஒளிந்திருக்கிறதா பாருங்கள்

இதை யாரும் பார்ப்பதில்லை, எனக்கு இதில்தான் அதிக ஆதங்கம். வாந்திக்கும் வயிற்று உப்புசத்துக்கும் கொடுக்கும் டாம்பெரிடோன், லெவோசல்பிரைடு, மெட்டோகுளோப்ரமைடு மூன்றும் டோபமினைத் தடுப்பவைதான், மூன்றும் புரோலாக்டினை ஏற்றும். காலையில் வெறும் வயிற்றில் போடும் அமிலக் குறைப்பு மாத்திரைகள் சிலவற்றில் இவை கூட்டாகச் சேர்ந்திருக்கும். சாப்பிடுகிறவருக்கு அது "கேஸ் மாத்திரை", அவ்வளவுதான் தெரியும். அட்டையின் பின்புறம் சின்ன எழுத்தில் இருக்கும் வேதிப்பெயரைப் படியுங்கள், புரியாவிட்டால் அட்டையோடு மருந்தகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். மனச்சோர்வு மாத்திரைகளில் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை உச்சத்தைத் தள்ளிப்போடும் என்பதால் அதையும் பட்டியலில் எழுதிவிடுங்கள்.

படி 3: ரத்தம் கொடுக்கும் காலை

புரோலாக்டின் தொட்டால்சிணுங்கி மாதிரியான ஹார்மோன். தூக்கத்தில் ஏறும், பதற்றத்தில் ஏறும், கடுமையான உடற்பயிற்சியில் ஏறும், மார்புக் காம்பைத் தூண்டினால் ஏறும். அதனால் எழுந்து ஒரு மணி நேரமாவது ஆன பிறகு, ஆய்வகத்தில் 15, 20 நிமிடம் சும்மா உட்கார்ந்து ஆசுவாசப்பட்டுவிட்டு ரத்தம் கொடுங்கள். வலிப்பு வந்தவுடனேயும் புரோலாக்டின் எகிறும், சில மணி நேரத்தில் இறங்கிவிடும். முந்தின இரவோ அன்று காலையோ வலிப்பு வந்திருந்தால் பரிசோதனையை இரண்டு நாள் தள்ளிப்போடுவது நல்லது.

டெஸ்டோஸ்டிரோன் காலையில்தான் உச்சத்தில் இருக்கும், அதை 10 மணிக்குள் எடுக்க வேண்டும். அதனால் 6 மணிக்கு எழுந்து 8, 9 மணிக்குள் எல்லாவற்றையும் ஒரே குத்தில் கொடுத்துவிடலாம். என்னென்ன எழுதித் தரச் சொல்ல வேண்டும்? புரோலாக்டின், மொத்த டெஸ்டோஸ்டிரோன், எஸ்.எச்.பி.ஜி., அல்புமின், தைராய்டு, சிறுநீரகச் செயல்பாடு, சர்க்கரை. தைராய்டு குறைந்தாலும் சிறுநீரகம் கெட்டாலும் புரோலாக்டின் ஏறும் என்பதால்தான் அவை. பெண்களுக்கு இதோடு கட்டாயம் கர்ப்பப் பரிசோதனை. மாதவிடாய் வராததற்கு மருந்துமேல் பழி போட்டுவிட்டு நான்காம் மாதத்தில் கர்ப்பம் என்று தெரிந்துகொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எண் அதிகமாக வந்து உடம்பில் எந்த அறிகுறியும் இல்லை என்றால் மேக்ரோபுரோலாக்டின் என்ற ஒன்றைச் சோதிக்கச் சொல்லலாம். அது புரோலாக்டின் எதிர்ப்புப் புரதத்தோடு ஒட்டி உருவான பெரிய மூலக்கூறு, பரிசோதனையில் எண்ணாகத் தெரியும், உடம்பில் அதற்கு அவ்வளவாக வேலை இல்லை.

படி 4: எண்ணைப் படிப்பது

தம்பியின் சீட்டைப் பார்ப்போம். புரோலாக்டின் ஒரு மில்லிலிட்டருக்கு 62 நானோகிராம். ஆண்களுக்குச் சுமார் 15, 20 வரை இருந்தால் சாதாரணம், பெண்களுக்குச் சுமார் 25 வரை சாதாரணம், ஆய்வகத்துக்கு ஆய்வகம் கொஞ்சம் மாறும். சில சீட்டுகளில் வேறு அலகில் 1,300 என்று போட்டிருக்கும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம், 62 என்பதை 21-ஆல் பெருக்கியதுதான் அது.

மொத்த டெஸ்டோஸ்டிரோன் ஒரு டெசிலிட்டருக்கு 480 நானோகிராம். இதைப் பார்த்துவிட்டு ஒரு மருத்துவர் அவரிடம், "ஹார்மோன் நார்மல், மனசுதான் காரணம்" என்று அனுப்பிவிட்டார். எஸ்.எச்.பி.ஜி. எடுத்த பிறகுதான் கதை தெரிந்தது: 85 நானோமோல், உச்ச வரம்பைத் தாண்டி நிற்கிறது. மொத்த டெஸ்டோஸ்டிரோன், எஸ்.எச்.பி.ஜி., அல்புமின் மூன்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் கட்டுப்படாமல் உலவும் டெஸ்டோஸ்டிரோன் 5 நானோகிராம்தான் வருகிறது, அதற்குப் பொதுவாக வைக்கும் கீழ்வரம்பு 6.5 அளவில். ஆக, மொத்தம் நார்மல், கைக்குக் கிடைப்பது குறைவு. நொதியை வேகப்படுத்தும் வலிப்பு மருந்து சாப்பிடும் ஆணுக்கு மொத்த டெஸ்டோஸ்டிரோன் மட்டும் பார்த்து முடிவு சொன்னால் இப்படித்தான் தவறும்.

புரோலாக்டின் எவ்வளவு ஏறினால் பிட்யூட்டரியில் கட்டி என்று சந்தேகப்பட வேண்டும்? 200-ஐத் தாண்டினால் கட்டியின் வாய்ப்பு அதிகம் என்பார்கள், ஆனால் ரிஸ்பெரிடோன் மட்டுமே சிலருக்கு 200-க்கு மேல் கொண்டுபோயிருக்கிறது. அதனால் எண்ணைவிட இரண்டு அறிகுறி முக்கியம்: விடாத தலைவலி, பார்வையின் இரு ஓரமும் மங்குவது. இவை இருந்தாலும், மருந்து ஆரம்பித்த காலத்தோடு எண் ஒத்துப்போகாவிட்டாலும் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். மாத்திரையை மூன்று நாள் நிறுத்தியோ வேறு மாத்திரைக்கு மாற்றியோ புரோலாக்டின் இறங்குகிறதா என்று பார்க்கும் வழக்கமும் உண்டு, ஆனால் அது மனநல மருத்துவர் சம்மதித்தால்தான். மாதம் ஒரு ஊசி போடுகிறவர்களுக்கு இந்தச் சோதனையே செல்லாது, கடைசி ஊசிக்குப் பிறகும் மருந்து பல வாரம் உடம்பில் கசிந்துகொண்டே இருக்கும்.

படி 5: மருத்துவரிடம் சொல்வது

தம்பி மூன்று முறை போய் மூன்று முறையும் சொல்லாமல் திரும்பியவர். கடைசியில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதிய வரி இது: "டாக்டர், ரிஸ்பெரிடோனைக் கூட்டிய இரண்டாவது மாதத்திலிருந்து ஆசை இல்லை, விறைப்பு நிற்கவில்லை. மருந்தை நிறுத்த எனக்கு விருப்பமில்லை. புரோலாக்டினும் எஸ்.எச்.பி.ஜி.யும் பார்த்து வேறு வழி இருக்கிறதா என்று சொல்லுங்கள்." வாயால் சொல்ல முடியாவிட்டால் அந்தத் தாளை அப்படியே நீட்டிவிடலாம், அதற்காக எந்த மருத்துவரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

படி 6: மாற்றத்தின் வரிசை

வழிகள் நான்குதான். அளவைக் குறைப்பது, புரோலாக்டின் ஏற்றாத மருந்துக்கு மாறுவது, அரிபிப்ரசோலைக் கூடச் சேர்ப்பது, அல்லது மூல காரணத்தை விட்டுவிட்டு விறைப்புக்கு மட்டும் சில்டனாஃபில் போன்ற மாத்திரை. கடைசியில் சொன்னது ஆசையைத் தராது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைத் தொடவே கூடாது. கேபர்கோலின் என்ற மருந்து புரோலாக்டினை நன்றாக இறக்கும், ஆனால் டோபமினைத் தூண்டுவதால் மனநோயைக் கிளறிவிடலாம், அதனால் அதைக் கடைசியாகத்தான் யோசிப்பார்கள்.

தம்பிக்கு முதலில் அரிபிப்ரசோல் 5 மில்லிகிராம் சேர்த்தார்கள். ஆறு வாரம் கழித்துப் புரோலாக்டின் 57. ஏன் இறங்கவில்லை? கார்பமாசெபைன் வேகப்படுத்திய நொதி அரிபிப்ரசோலையும் சிதைக்கிறது, ரத்தத்தில் அதன் அளவு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. அதனால்தான் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் அரிபிப்ரசோலை இரட்டிப்பாக்கச் சொல்கிறது மருந்துக் குறிப்பேடு. அளவைக் கூட்டியிருக்கலாம்தான், ஆனால் கட்டுண்டு கிடக்கும் டெஸ்டோஸ்டிரோன் அப்படியே இருக்கும். அதனால் நரம்பியல் மருத்துவர் வலிப்பு மருந்தையே மாற்ற முடிவு செய்தார். லெவெடிராசெட்டம் சிலருக்கு எரிச்சலையும் மனநிலைக் கோளாறையும் கொண்டுவரும், மனச்சிதைவு இருக்கும் இவருக்கு அது வேண்டாமென்று லாமோட்ரிஜின். அதைச் சிறுகச் சிறுக வாரக்கணக்கில் ஏற்ற வேண்டும், அவசரப்பட்டால் தோலில் ஆபத்தான தடிப்பு வரலாம். தடிப்பு தெரிந்த அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். லாமோட்ரிஜின் போதுமான அளவுக்கு வந்த பிறகுதான் கார்பமாசெபைனைக் குறைக்கத் தொடங்கினார்கள்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. கார்பமாசெபைன் ரிஸ்பெரிடோனையும் இவ்வளவு நாள் சிதைத்துக்கொண்டிருந்தது. அது விலகியதும் இரண்டு மூன்று வாரத்தில் நொதிகள் பழைய வேகத்துக்கு வந்துவிடும், அதே 4 மில்லிகிராம் மாத்திரை ரத்தத்தில் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அப்போது புரோலாக்டின் இன்னும் ஏறும், கைகால் விறைத்து நடை தளரும், எச்சில் ஒழுகும், தூக்கம் அமுக்கும். "வலிப்பு மாத்திரை மாற்றினேன், நிலைமை மோசமாகிவிட்டது" என்று வருகிறவர்கள் இந்தப் பள்ளத்தில் விழுந்தவர்கள்தான். நரம்பியல் மருத்துவர் மாற்றுவது மனநல மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு பேரும் வேறு வேறு இடத்தில் என்றால் சீட்டை நீங்கள்தான் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். தம்பிக்கு ரிஸ்பெரிடோனைப் படிப்படியாக 2.5-க்கு இறக்கினார்கள், அரிபிப்ரசோல் அதே 5-இல் தொடர்ந்தது. இப்போது அது சிதையாததால் வேலை செய்தது. முதல் இரண்டு வாரம் ஒரு இடத்தில் உட்கார முடியாமல் கால் துறுதுறுத்தது. அரிபிப்ரசோலுக்கு இது தெரிந்த பக்கவிளைவு, மருத்துவரிடம் சொன்னால் அதற்கு வழி உண்டு.

கார்பமாசெபைன் முழுசாக நின்று மூன்று மாதம் கழித்து: புரோலாக்டின் 14, எஸ்.எச்.பி.ஜி. 46. மொத்த டெஸ்டோஸ்டிரோன் 440, அதாவது முன்பைவிடக் குறைவு! ஆனால் கட்டுப்படாதது 7.4-க்கு வந்துவிட்டது. காலை விறைப்பு முதலில் திரும்பியது, ஆசை திரும்ப இன்னும் ஒரு மாதம் பிடித்தது. விந்து குறைவாக வருவதும் அவருக்கு இருந்தது, அது மட்டும் முழுசாகப் போகவில்லை.

பெண்களுக்குத் தனியாக

புரோலாக்டின் ஏறியும் மாதவிடாய் ஒழுங்காக வருகிறது, பால் கசிவும் இல்லை என்றால் பெரும்பாலும் கண்காணித்தாலே போதும். மாதக்கணக்கில் மாதவிடாய் நின்றிருந்தால் அப்படி விடக் கூடாது, ஈஸ்ட்ரோஜன் குறைந்தபடியே இருந்தால் எலும்பு அடர்த்தி கரையும். மருந்து மாற்றியதும் கருத்தரிக்கும் சக்தி முதல் மாதவிடாய் வருவதற்கு முன்பே திரும்பிவிடலாம். குழந்தை இப்போது வேண்டாம் என்றால் மாற்றும் நாளிலேயே தடுப்பு தேவை. கார்பமாசெபைன், ஃபினிடோயின், ஃபீனோபார்பிட்டோன் மூன்றும் கருத்தடை மாத்திரையைச் செயலிழக்கச் செய்யும். லாமோட்ரிஜினில் கதை தலைகீழ், ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை லாமோட்ரிஜினின் அளவைப் பாதியாக்கி வலிப்பைத் திரும்பக் கொண்டுவரலாம். காப்பர் டி இந்த இரண்டு சிக்கலிலும் மாட்டாது.

வால்ப்ரோயேட் சாப்பிடும் பெண்களுக்கு மாதவிடாய் தவறி, முகத்தில் முடி வளர்ந்து, எடை ஏறினால் புரோலாக்டினைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். அந்த மருந்து ஆண் ஹார்மோன்களை ஏற்றிச் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சனையைக் கொண்டுவரக்கூடியது. கர்ப்பத்தில் வால்ப்ரோயேட் சாப்பிட்டால் ஏறக்குறைய பத்தில் ஒரு குழந்தைக்கு உடல் குறைபாடு வருகிறது, பத்தில் மூன்று நான்கு பேருக்கு மூளை வளர்ச்சியில் பாதிப்பு. குழந்தை பெறும் வயதில் இருக்கும் எவரும் இதை மருத்துவரிடம் கர்ப்பத்துக்கு முன்பே பேசிவிட வேண்டும்.

காத்திருக்கக் கூடாத ஒன்று

ஆசை எதுவும் இல்லாமலே விறைப்பு வந்து வலியோடு இறங்காமல் நிற்பது. ரிஸ்பெரிடோன், குயிட்டியாபின், ஓலான்சபின் உட்பட பல மனநல மருந்துகளில் அரிதாக நடக்கும். நான்கு மணி நேரம் தாண்டினால் உள்ளே ரத்தம் தேங்கித் திசு சாகத் தொடங்கும், பிறகு நிரந்தரமாகவே விறைப்பு போய்விடலாம். வெட்கப்பட்டு விடியட்டும் என்று படுத்திருக்காதீர்கள். நடு இரவானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், வாசலிலேயே எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்ற இரண்டையும் சொல்லுங்கள்.